230 எஃப்பிஎஸ் வருகிற கம்ப்யூட்டருக்கு 62,000 ரூபாயில் புது கார்டு வேண்டுமா?

கேள்வி: என் வயது 26, கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். நண்பர்களோடு தினமும் வேலரன்ட், வார இறுதியில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, விட்சர் 3. வேலரன்ட்டில் மூலையில் 230 எஃப்பிஎஸ் என்று காட்டினாலும் ஆட்டம் வழவழப்பாக இல்லை. ரெட் டெட்டில் 50க்கும் 70க்கும் நடுவே ஆடுகிறது. ஆர்டிஎக்ஸ் 5070 போடச் சொல்கிறார் கடைக்காரர். விலை 62,000, 16% வட்டியில் 18 மாத கிரெடிட் கார்டு இஎம்ஐ. 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் 11,500க்கும், 240 ஹெர்ட்ஸ் 19,000க்கும் இருக்கிறது. எந்த கேமுக்கு எத்தனை எஃப்பிஎஸ் போதும்? எதில் பணம் போடலாம்?

பதில்: கார்டு வேண்டாம். 180 ஹெர்ட்ஸ் மானிட்டரை ரொக்கத்தில் வாங்குங்கள்.

கார்டு நொடிக்கு 230 படம் தயாரித்தாலும் உங்கள் மானிட்டர் காட்டுவது 60 தான். மிச்சத்தைக் கண் பார்ப்பதே இல்லை. அந்த 230ஐ 400 ஆக்கினாலும் இதே மானிட்டரில் ஏறக்குறைய இதே ஆட்டம்தான் கிடைக்கும். அதுவும், ஆக்க முடிந்தால். வேலரன்ட் கார்டை அதிகம் வேலை வாங்காத கேம். 1080பியில் பெரும்பாலும் பிராசஸர்தான் அதன் எல்லை. ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். கேமின் ரெசல்யூஷனை 1280x720க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் தடை பிராசஸரில் இருக்கிறது, 62,000 ரூபாய் கார்டால் அதை அசைக்க முடியாது. கணிசமாக ஏறினால்தான் கார்டு தடை.

எஃப்பிஎஸ் கணக்கை எண்ணிக்கையாகப் பார்க்காமல் நேரமாகப் பாருங்கள், செலவு தெளிவாகிவிடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லி செகண்ட். 180 ஹெர்ட்ஸில் 5.6. 11,500 ரூபாய்க்கு 11.1 மில்லி செகண்ட் மிச்சமாகிறது, அதாவது ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 1,040 ரூபாய். 240 ஹெர்ட்ஸுக்குப் போனால் இடைவெளி 4.2. கூடுதலாகக் கிடைப்பது 1.4 மில்லி செகண்ட், அதற்குக் கூடுதல் விலை 7,500. ஒரு மில்லி செகண்ட் 5,400 ரூபாயைத் தொடுகிறது! பரிசுப் பணத்துக்கு ஆடுபவர் அதைக் கொடுக்கலாம். நண்பர்களோடு ஆடுகிறவருக்கு 180 தாராளம்.

வேலரன்ட் போன்ற போட்டித் துப்பாக்கி கேம்களில் நான் கீழ்வரம்பாக வைப்பது 144. வேலரன்ட் சர்வர் நொடிக்கு 128 முறை, அதாவது 7.8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை நிலவரத்தைப் புதுப்பிக்கிறது. 144இல் உங்கள் திரை அதைவிடச் சற்று வேகமாக ஓடுகிறது. அதுவே உச்சவரம்பு என்றில்லை. அதற்கு மேல் பலன் குறைந்துகொண்டே வரும், அவ்வளவுதான். ஆனால் மூலையில் தெரியும் சராசரியை நம்பாதீர்கள். நாலைந்து பேர் ஒரே இடத்தில் புகை போட்டுச் சுடும்போது எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 230 அங்கே 170 ஆனால் கவலையில்லை. 100க்குக் கீழே போனால் முதலில் ரேம் ஒற்றைக் குச்சியா, ஜோடியா என்று திறந்து பாருங்கள். ஒற்றைக் குச்சியில் பிராசஸருக்கு நினைவகம் பாதி வேகத்தில்தான் எட்டும், அடி விழுவது இந்த மாதிரி நெருக்கடி நேரத்தில்தான். அதைச் சரிசெய்வது கார்டு மாற்றுவதைவிட மலிவு.

ரெட் டெட், விட்சர் போன்ற கதை கேம்களில் நிலைமை வேறு. இங்கே எண்ணிக்கையைவிட நிதானம் முக்கியம். 50க்கும் 70க்கும் நடுவே ஆடுவதைவிட அசையாத 60 நன்றாக இருக்கும்; கன்ட்ரோலர் பிடித்து குதிரை ஓட்டுகிறவருக்கு அசையாத 40கூடப் போதும். அந்த 40 உங்கள் இப்போதைய மானிட்டரில் சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 60ஐ 40ஆல் வகுத்தால் ஒன்றரை. மானிட்டர் திரையைப் புதுப்பிக்கும் சுற்றில் ஒரு படம் ஒரு சுற்று நிற்கும், அடுத்தது இரண்டு சுற்று நிற்கும். கேமராவைத் திருப்பினால் காட்சி திக்கித் திக்கி நகரும். 60 ஹெர்ட்ஸில் ஒழுங்காக வருவது 60 அல்லது 30. பிளேஸ்டேஷன் 5இல் சில கேம்களின் 40 எஃப்பிஎஸ் மோடு 120 ஹெர்ட்ஸ் டிவியைக் கேட்பது இதனால்தான்: ஒவ்வொரு படமும் சரியாக மூன்று சுற்று நிற்கும். 180 ஹெர்ட்ஸில் 60 மூன்று சுற்று, 45 நான்கு சுற்று, இரண்டுமே சமமாக விழும்.

உங்கள் 3060க்கு ரெட் டெட்டில் 60 எட்டாத தூரமில்லை. MSAAவை அணையுங்கள், Water Physics Quality ஸ்லைடரைப் பாதிக்கு இறக்குங்கள், DLSSஐ Quality-இல் வையுங்கள். பிறகு NVIDIA Control Panel-இல் Manage 3D settings போய் Max Frame Rate-ஐ 60 ஆக்கிவிடுங்கள். விட்சர் 3இன் புதிய பதிப்பில் ரே டிரேசிங் போட்டிருந்தால் அதையும் அணையுங்கள், இந்த கார்டுக்கு அது பெரும் சுமை.

மற்ற வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவிலைசேஷன் 6 மாதிரி முறைவைத்து ஆடும் கேமுக்கு 30 போதும். கார் பந்தயத்துக்கு 60 கட்டாயம், 90 சுகம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 ஆகியவற்றில் சண்டையே 60க்குப் பூட்டப்பட்டது. அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழித்தாலும் வீண்.

இனி இஎம்ஐ. 62,000க்கு 16%, 18 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 3,900. வட்டி மட்டும் சுமார் 8,150 ரூபாய், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி இன்னொரு 1,470. பிராசஸிங் கட்டணத்தைச் சேர்க்காமலே கார்டு 71,600ஐத் தாண்டும். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு ஒன்றரை வருடத்துக்குப் போகும், வேலரன்ட்டில் மாற்றம் தெரியாது.

மானிட்டர் வாங்கும்போது ஃப்ரீசிங்க் இருக்கிறதா, அது 48இலிருந்து தொடங்குகிறதா என்று கேளுங்கள். கதை கேமில் எஃப்பிஎஸ் சற்று ஆடினாலும் திரை அதற்கேற்ப ஓடும். ஐபிஎஸ் பேனல் எடுங்கள். மலிவான விஏ பேனல்களில் இருட்டுக் காட்சி இழுபடும். வீட்டுக்கு வந்ததும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். விண்டோஸ் தானாக 180க்கு மாறாமல் 60இலேயே நிற்பது சகஜம். Settings > System > Display > Advanced display போய் கையால் மாற்ற வேண்டும்.

கார்டுக்கு நியாயமான காலம் வரும்: 1440பி மானிட்டருக்கு மாறும்போது, அல்லது செட்டிங்கை இறக்கியும் புதிய கதை கேம்கள் 45ஐ எட்டாதபோது. அதுவரை அந்த 3,900ஐ ஆர்டியில் போடுங்கள். 16 மாதத்தில் 62,000 ரொக்கமாகக் கையில் இருக்கும், அன்றைய விலையில் அன்றைய கார்டைப் பார்த்துக்கொள்ளலாம்.