ப்ரீமியர்ல 300 க்ளிப் இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே கலர், ஒரே ஷார்ப்னெஸ் வேணும். ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் மேல போட்டா போதுமா?

போதும், ஆனா கீழ இருக்கற க்ளிப்பெல்லாம் முதல்ல ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். நீங்களும் என்ன மாதிரி கல்யாண வீடியோ கேஸ்னு நெனச்சுதான் எழுதறேன்.

கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம், ரெண்டு கேமரா. ஒருத்தர் S-Log3ல எடுத்திருக்காரு, இன்னொருத்தர் சாதா ப்ரொஃபைல்ல. டெலிவரிக்கு ரெண்டே நாள் இருந்துச்சா, File > New > Adjustment Layer குடுத்து எல்லா க்ளிப்புக்கும் மேல V3ல போட்டு, கடைசி வரைக்கும் இழுத்து விட்டுட்டு, Lumetri Colorல லாக் LUT, கொஞ்சம் வார்ம், கூடவே Unsharp Mask, பத்து நிமிஷத்துல ஆச்சுன்னு டீ குடிக்கப் போயிட்டேன்.

வந்து ஓட்டிப் பாத்தா தாலி கட்டற எடத்துல மொத கேமரா அம்சமா இருக்கு, கட் ஆகி அடுத்த கேமராவுக்குப் போனா மாப்ள வேட்டில ஒரு மடிப்பு கூட தெரியல, வெறும் வெள்ள, ஐயர் முகம் செங்கல் கலர்ல. அந்த LUT வெளிறிப்போன லாக் படத்துக்கு கான்ட்ராஸ்ட் ஏத்தறதுக்காக செஞ்சது. ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் இருக்கற படத்துமேல அதையே போட்டா ரெண்டு தடவ உப்பு போட்ட சாம்பார் தான்.

அதனால LUT க்ளிப்ல இருக்கணும், லுக் மட்டும் லேயர்ல. நான் இப்ப ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு லேபிள் கலர் குடுத்துடறேன். ஒரு லாக் க்ளிப்ல LUTம் எக்ஸ்போஷரும் சரி பண்ணி காப்பி, அப்புறம் Select Label Group, Paste Attributes, அந்த கேமரா மொத்தமும் ஒரே அடியில முடிஞ்சுது. எக்ஸ்போஷர் ரொம்ப தப்பா இருக்கற நாலஞ்ச மட்டும் கையால தொட வேண்டியிருக்கும். ரெண்டு கேமராலயும் பொண்ணு முகம் ஒரே மாதிரி வந்தப்புறம்தான் லேயர். லுக் ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா ஸ்லைடர் ஒவ்வொண்ணா குறைக்காதீங்க, லேயரோட Opacityய 70க்கு இறக்கினா போதும். டைட்டில் கார்டு லேயருக்கு மேல இருக்கற ட்ராக்ல இருக்கணும், இல்லன்னா அதுக்கும் சேத்து கலர் ஏறிடும்.

ஷார்ப்னெஸ் கதை தான் பெரிய அவமானம். Amount 150, Radius 3 வெச்சிருந்தேன், ப்ரிவ்யூ 1/4ல ஓடிட்டிருந்ததால ஒண்ணும் தெரியல. அவங்க வீட்டு 55 இன்ச் டிவில போட்டா கூரப்புடவ ஜரிக பார்டர் பூரா எறும்பு ஊர்ற மாதிரி மினுமினுக்குது, பொண்ணோட தாடைய சுத்தி வெள்ளக் கோடு. ராத்திரி மாப்ள அழைப்புல இருட்டுக்கு ISO ஏத்தி எடுத்ததுல இருந்த புள்ளியெல்லாம் கூட ஷார்ப் ஆகி மணலா தெரியுது. பொண்ணோட சித்தப்பா "ஏன் தம்பி, கேபிள் லூசா?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லிட்டேன், வேற என்ன பண்றது.

இப்ப கலருக்கு ஒரு லேயர், ஷார்ப்னெஸுக்கு அதுக்கு மேல தனியா இன்னொண்ணு. Amount 40 சுமாருக்கு, Radius 1, அவ்ளோதான். இருட்டு க்ளிப் வர்ற எடத்துல மேல் லேயர மட்டும் ரேசரால வெட்டி எடுத்துடுவேன், கீழ கலர் அப்படியே ஓடும். ஒரே லேயர்ல ரெண்டும் இருந்தா இத பண்ண முடியாது. செக் பண்ணும்போது ப்ளேபேக் Full, ஜூம் 100%, ஜரிகையும் கண்ணிமையும் பாருங்க. ட்ராக் கண்ண ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது வித்தியாசம் பளிச்னு அடிச்சா அது ஜாஸ்தி.

டாவின்சில பண்ண வேண்டியதுதானேன்னு கமென்ட்ல ஒருத்தர் வருவாரு, தெரியும். அங்கயும் அட்ஜஸ்ட்மென்ட் க்ளிப் இருக்கு சார், அங்கயும் லாக்கையும் சாதாவையும் கலந்து போட்டா இதே செங்கல் முகம்தான். என் கிட்ட ஸ்டுடியோகாரங்க குடுக்கறது ப்ரீமியர் ப்ராஜெக்ட், நான் என்ன பண்ணட்டும்.

சொல்ல வந்ததோட இதையும் சொல்லிடறேன். ரெண்டு கேமராமேனும் ஒரு நிமிஷம் பேசி ஒரே ப்ரொஃபைல் வெச்சிருந்தா எனக்கு அந்த ரெண்டு ராத்திரி மிச்சம். ஆனா டைட்டில் கார்டுல கேன்டிட், ட்ரோன், மேக்கப் வரைக்கும் எல்லார் பேரும் வரும், அத டைப் பண்றவன் பேரு மட்டும் வராது. அந்த கும்பகோணம் வீடியோவுக்கு பாக்கி நாலாயிரம் இன்னும் வரல.