மெஷின் மாறியதால் வராமல் போன கேஷ்பேக்

கேள்வி: ஏப்ரல் 11ஆம் திகதி ஹட்டனில் ஒரு கடையில் 146,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். 10,000 காசாகக் கொடுத்து, மிச்சத்தைக் கடனட்டையில் கட்டினேன். முதல் மெஷினில் லைன் கிடைக்கவில்லை என்று இன்னொரு மெஷினில் அடித்தார்கள். பத்து வீதம் கேஷ்பேக் வரும் என்று கவுண்டரில் சொன்னார்கள். அந்த 14,600 இன்னும் வரவில்லை, ஜூன் கூற்றும் வந்துவிட்டது. கடை பேங்கைக் கேட்கச் சொல்கிறது, ஹொட்லைனில் "எலிஜிபள் இல்லை" என்கிறார்கள். ஸ்லிப்பின் படமும் சலுகை நோட்டீஸின் படமும் அனுப்பியிருக்கிறேன். இந்த மாதம் கட்டும்போது அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: கழிக்கவே வேண்டாம். பெரும்பாலான கடனட்டைகளில், பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் குறைந்த தொகைக்கு மட்டும் வட்டி போடுவதில்லை. அந்த பில்லில் உள்ள எல்லாக் கொள்வனவுக்கும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குபவைக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வரவேண்டிய பணம் ஒரு கணக்கு, கட்டவேண்டிய பில் வேறு கணக்கு. இரண்டையும் நீங்களாக நேர் செய்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

அடுத்து, தொகையைச் சரிசெய்துகொள்வோம். கேஷ்பேக் கணக்கிடுவது ஃப்ரிட்ஜின் விலைக்கு அல்ல, கார்டில் போன தொகைக்கு. கார்டில் போனது 136,000. அதில் பத்து வீதம் 13,600. ஆனால் நோட்டீஸில் "ஒரு கார்டுக்கு உச்சம் 12,500" என்று இருக்கிறது. எனவே நீங்கள் கேட்க வேண்டியது 12,500 மட்டுமே. 14,600 என்று கடிதத்தில் எழுதினால், தொகை பிழை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி பதிலை முடித்துவிட அவர்களுக்கு வசதியாகிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஸ்லிப்பின் தலைப்பில் அச்சாகியிருக்கும் பேங்கின் பெயரைப் பாருங்கள். அது உங்கள் கடனட்டையைத் தந்த பேங்க் இல்லை. இப்போது நோட்டீஸின் கீழே உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள்: "எமது வங்கியின் கார்ட் இயந்திரத்தினூடாகச் செய்யப்படும் கொள்வனவுகளுக்கு மட்டும்." ஹொட்லைனில் சொன்ன "எலிஜிபள் இல்லை" இதைத்தான் குறிக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு கடைக்கு இரண்டு மூன்று பேங்குகளின் மெஷின்கள் இருப்பது வழமை. எந்த மெஷினில் அடித்தாலும் பணம் உங்கள் கார்டிலிருந்துதான் போகும். அதனால் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கேஷ்பேக்கை யாரும் ஒவ்வொரு பில்லாகப் பார்த்துக் கொடுப்பதில்லை. சலுகை முடிந்ததும் கார்ட் பிரிவு ஒரு பட்டியல் எடுக்கும். இந்தத் திகதிக்குள், இந்தக் கடையின் இலக்கத்தில், இந்த வகைக் கார்டில், 50,000க்கு மேல் நடந்த கொள்வனவுகள் என்று வடிகட்டி, வந்த பெயர்களுக்கு ஒரேயடியாக வரவு வைப்பார்கள். கடையின் இலக்கம் என்பது ஸ்லிப்பில் MID என்று அச்சாகியிருப்பது. அதே கடைதான் என்றாலும் ஒவ்வொரு பேங்கும் வேறு MID கொடுத்திருக்கும். நீங்கள் அடித்த மெஷினின் MID பட்டியலில் இல்லாததால் உங்கள் 136,000 வடிகட்டியிலேயே நின்றுவிட்டது. ஹொட்லைனில் பேசுபவருக்குத் தெரிவது அந்தப் பட்டியலின் முடிவு மட்டும்தான். அவரோடு வாதாடிப் பயனில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நோட்டீஸ் படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜ் வாங்கியபின் பேங்கிலிருந்து கோல் எடுத்து, அந்தத் தொகையைத் தவணைக்கு மாற்றித் தருகிறோம் என்று கேட்டு நீங்கள் சம்மதித்தீர்களா? பல சலுகைகளில் தவணைக்கு மாற்றிய கொள்வனவுக்குக் கேஷ்பேக் கிடையாது. மாற்றியிருந்தால் வெட்டுப்பட்ட அந்த வரிகளைத் தேடி வாசித்துவிட்டு எழுதுங்கள். அப்படியொரு நிபந்தனை இருந்தால் நான் கீழே சொல்லும் வாதம் பெரும்பாலும் நிற்காது.

மாற்றவில்லை என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மெஷினைத் தெரிவுசெய்தது நீங்கள் அல்ல, கடை. அதுவும் சரியான மெஷினில் முதலில் முயன்று, லைன் கிடைக்காமல் போனபிறகு. மழைக்காலத்தில் நம் பக்கம் சிக்னல் விழுவதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் பேங்குக்கு அதைக் காட்ட ஒரு தாள் வேண்டும். முதல் முயற்சி பேங்க் வரை போய் மறுக்கப்பட்டிருந்தால், அன்று உங்கள் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். லைனே கிடைக்காமல் மெஷினோடு நின்றிருந்தால் உங்கள் பேங்கில் அதற்குத் தடயம் இருக்காது. அப்போது கடையின் கடிதம்தான் சாட்சி. முதல் முயற்சிக்கும் பணம் போயிருக்கிறதா என்று ஏப்ரல், மே கூற்றுகளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே தொகை இரண்டுதரம் இருந்தால் அது தனி முறைப்பாடு, கேஷ்பேக்கை விட அவசரமானது.

கடையில் "கேஷ்பேக் வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால் பேங்கைக் கையைக் காட்டிவிடுவார்கள். கேட்க வேண்டியது மூன்று வரிக் கடிதம். கடையின் தலைப்புத் தாளில், முத்திரையுடன்: "ஏப்ரல் 11 அன்று, இந்த இலக்கப் பற்றுச்சீட்டுக்கான கட்டணத்தை முதலில் குறித்த வங்கியின் இயந்திரத்தில் பெற முயன்றோம். இணைப்புக் கிடைக்காததால் எமது மற்ற இயந்திரத்தில் பெற்றோம். இக்கொள்வனவு சலுகைக்கு உரியதென வாடிக்கையாளருக்குக் கூறினோம்." கடைசி வரியை எழுதத் தயங்குவார்கள். முதல் இரண்டு வரிகள் கிடைத்தாலே போதும்.

பேங்குக்கு எழுதும்போது கிளையில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கிளையில் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது கார்ட் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், இப்படி:

"எனது கடனட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் ____. ஏப்ரல் 11 அன்று ரூபா 136,000 கொள்வனவு, APPR CODE ____, RRN ____. ஏப்ரல் 1 முதல் 30 வரையான உங்கள் சலுகையின்படி ரூபா 12,500 வரவு வைக்கப்படவில்லை. எந்த நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்பதை எழுத்தில் அறியத்தரவும். இயந்திரம் காரணமாயின், இணைக்கப்பட்ட கடையின் கடிதத்தைக் கருத்திற்கொண்டு தொகையை வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முறைப்பாட்டு இலக்கத்தைத் தரவும்."

APPR CODE, RRN இரண்டும் ஸ்லிப்பின் கீழ்ப்பாதியில் இருக்கும். அந்த இலக்கங்களால் உங்கள் கொள்வனவை நேராக எடுத்துப் பார்க்க முடியும். பெயரும் திகதியும் மட்டும் எழுதினால் தேடும் வேலை அவர்களுக்கு, காத்திருக்கும் வேலை உங்களுக்கு. முழுக் கார்ட் இலக்கத்தையும் பின்பக்கத்து மூன்று இலக்கங்களையும் எங்கும் எழுத வேண்டாம். ஸ்லிப் சூட்டுத்தாள். அலமாரிக்குள் வைத்தாலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். நீங்கள் படம் எடுத்து வைத்தது நல்லது, ஒரு போட்டோக்கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"எந்த நிபந்தனை" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். "உங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்படவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால், மேலே கொண்டுபோக உங்களிடம் ஒன்றும் இருக்காது. காரணம் எழுத்தில் வந்தால் அதை மறுக்கலாம்.

இப்போது நாட்களைக் கவனியுங்கள். சலுகை ஏப்ரல் 30இல் முடிந்து 60 நாட்களுக்குள் வரவு வைக்கப்படும் என்று நோட்டீஸ் சொல்கிறது. அது ஜூன் 29. அதுவரை "இன்னும் காலம் இருக்கிறது" என்பதுதான் பேங்கின் பதிலாக இருந்திருக்கும். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குச் செய்யும் முறைப்பாடு, பொருள் விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு அது ஜூலை 11. பேங்கை நம்பி 60 நாள் இருந்தவருக்குக் கடைமீது முறையிட மிஞ்சுவது 12 நாள்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே பேங்கின் பதிலுக்காகக் காத்திருக்காமல், கவுண்டரில் சொன்ன வாக்குறுதி பற்றி ஜூலை 11க்கு முன்பே அங்கும் ஒரு கடிதம் போட்டு வையுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. கோல் எடுத்து விசாரிக்கலாம், ஆனால் கணக்கில் வருவது எழுத்தில் போனதுதான்.

பேங்கின் மறுப்புப் பிழை என்று தோன்றினால், அல்லது பதிலே வராவிட்டால், அடுத்த இடம் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், இலக்கம் 1935. முதலில் பேங்கிடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். முத்திரை பதித்த பிரதி அப்போது வேண்டும். நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார், அவரிடம் முறையிடவும் கட்டணம் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கும் எழுதிக் குழப்பிக்கொள்ளாமல் மத்திய வங்கியில் தொடங்குங்கள்.

சார்ஜ்பேக் கேட்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது. அது பொருள் வராதபோது, அல்லது ஸ்லிப்பில் உள்ளதைவிடக் கூடுதலாக எடுத்தபோது, கார்டில் போன பணத்தைத் திருப்பி எடுத்துத் தரும்படி பேங்கிடம் கேட்பது. உங்களிடம் எடுத்த 136,000 சரியான தொகை. வராமல் இருப்பது அதன்பின் தருவதாகச் சொன்ன பணம். கவுண்டரிலேயே விலையில் கழிப்பதாகச் சொல்லிக் கழிக்காமல் விட்டிருந்தால், அதைக் கடையிடம் பில்லை வைத்தே கேட்கலாம்.

உண்மையைச் சொன்னால், நிபந்தனை எழுத்தில் இருப்பதால் 12,500ஐ உரிமையாகக் கேட்பது கஷ்டம். கடையின் கடிதம் இருந்தால் நல்லெண்ணமாகத் தரக்கூடும். பேங்க் கைவிரித்துவிட்டால் அந்த மறுப்புக் கடிதத்தோடு கடை முகாமையாளரிடம் போங்கள். பல சலுகைகளில் செலவின் ஒரு பகுதியைக் கடையும் ஏற்பதுண்டு. பிழை அவர்கள் மெஷினில் நடந்தது என்று எழுத்தில் இருக்கும்போது, ஒரு பகுதியைப் பணமாகவோ பொருளாகவோ தரச் சொல்லிப் பேச இடம் இருக்கிறது.

முறைப்பாடு போட்டபிறகு "கேஷ்பேக் போடுகிறோம், போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்று கோல் வந்தால் உடனே வையுங்கள். வரவு வைக்க ஓ.டி.பி. தேவையில்லை. பணம் வந்தால் கூற்றில் தொகைக்குப் பக்கத்தில் CR என்று இருக்கும். ஆனால் பல பேங்குகள் அதை அந்த மாதம் நீங்கள் கட்டிய பணமாக எண்ணுவதில்லை. எனவே குறைந்தபட்சக் கட்டணத்தை அந்த மாதமும் வழமைபோல் கட்டிவிடுங்கள்.