ஆப் திகதி சரி, சாமான் பழுதாகுது

"பால்மா திறந்து ஒரு மாசத்துல கட்டியாகிட்டு, சாமான் முடியுற திகதி பார்க்கிற ஆப்புல இன்னும் எட்டு மாசம் இருக்கு எண்டு காட்டுது. நான் உப்புவெளி, கடற்கரைக்குக் கிட்ட."

ஆப்புல பிழையில்லை, பக்கற்றுல அடிச்சிருக்கிற EXP திறக்காத பக்கற்றுக்குத்தான், வெட்டின உடனே அந்தக் கணக்கு முடிஞ்சுது, அதுவும் எங்கட ஈரக் காத்துக்கு வாயை ரப்பர்பேண்டால கட்டி வைச்சாக் காணாது. அந்த ஆப்புல திறந்த திகதி போட இடமில்லாட்டி அதை விடுங்கோ, கூகுள் ஷீட் ஒண்டு போதும். A சாமான், B பக்கற்றுத் திகதி, C திறந்த நாள், D திறந்தாப் பிறகு எத்தினை நாள் (பின்பக்கத்துல போட்டிருந்தா அதை எடுங்கோ), முதல் வரி தலைப்புக்கு, E2-ல இது, பிறகு கீழ இழுங்கோ:

```
=IF(C2="",B2,MIN(B2,C2+D2))
```

உங்கட பால்மா B-ல 20/03/2027, C-ல 02/07/2026, D-ல 30 எண்டு வைங்கோ, E-ல 01/08/2026 வரும். E-ஐ வைச்சு வரிசைப்படுத்தினா முதல்ல முடிக்க வேண்டியது மேல வந்து நிக்கும்.

திகதி கலத்துல இடப்பக்கம் ஒட்டி நிண்டா ஷீட் அதை வெறும் எழுத்தா எடுத்திருக்கு, Settings-ல Locale-ஐப் பாருங்கோ, இல்லாட்டி நாளும் மாசமும் மாறிப்போகும்.

ஒரே சாமான் ரெண்டு பக்கற் வாங்கினா ரெண்டு வரி போடுங்கோ, ஒண்டாச் சேர்த்தா எது திறந்தது எண்டே தெரியாது. திறந்த நாளை மார்க்கரால பக்கற்றுலயே எழுதுங்கோ, ஏனெண்டா தேத்தண்ணி ஊத்துற அவசரத்துல ஒருத்தரும் போனைத் திறக்கமாட்டினம், இரவு பார்த்து ஷீட்டுல ஏத்தலாம்.