விற்பனை 10% சரிந்தால் லாபம் ஏன் பாதியாகிறது?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கிறோம். மாதம் 10,000 பெட்டி, ஒன்று 50 என்று விற்று 50,000 லாபம் பார்த்தோம். போன மாதம் 9,000 பெட்டிதான் போயிற்று. லாபம் 25,000 ஆகிவிட்டது. விலையைக் குறைக்கவில்லை, மூலப்பொருளும் ஏறவில்லை. தானியங்கி இயந்திரம் போடுவதற்கு முன் இப்படி அடி விழுந்ததே இல்லை. கணக்கில் தப்பா? விலையை 10% குறைத்தால் விட்டதைப் பிடிக்கலாமா?

பதில்: கணக்கு சரிதான். விலைக் குறைப்பு பற்றி முடிவெடுக்கும் முன் மட்டும் கீழே உள்ளதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய விவரப்படி ஒரு பெட்டிக்கு காகிதம், பசை, மை, ஏற்றுகூலி எல்லாம் சேர்த்து 25 ஆகிறது. பெட்டி செய்தால்தான் இந்தச் செலவு, செய்யாவிட்டால் இல்லை. விலை 50-இல் இதைக் கழித்தால் மிஞ்சும் 25-தான் ஒரு பெட்டியின் பங்களிப்பு, அதாவது கான்ட்ரிபியூஷன் மார்ஜின். இதை லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. வாடகை, மாதச் சம்பளம், இயந்திரத் தேய்மானம், பராமரிப்பு ஒப்பந்தம் என்று மாதம் 2,00,000 நிலையான செலவு இருக்கிறது. முதல் 8,000 பெட்டியின் பங்களிப்பு முழுவதும் அதை அடைக்கவே போய்விடும். லாபம் 8,001-ஆவது பெட்டியில்தான் தொடங்குகிறது. 10,000 விற்ற மாதத்தில் லாபம் தந்தவை கடைசி 2,000 பெட்டிகள். போன மாதம் குறைந்த 1,000 பெட்டியும் அந்த 2,000-இலிருந்துதான் போயின. மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்கு. லாபம் தரும் பகுதியில் சரிபாதி.

இயந்திரம் வருவதற்கு முன் வெட்டும் வேலையும் ஒட்டும் வேலையும் வெளிக்கூலிக்குப் போயின. பெட்டிக்கு 10 கூடுதல் செலவு. ஆக மாறும் செலவு 35, பங்களிப்பு 15, நிலையான செலவு 1,00,000. 10,000 பெட்டி விற்றால் அப்போதும் அதே 50,000 லாபம். 9,000-க்கு இறங்கினால் 35,000 நின்றிருக்கும். பெட்டி குறைந்தால் கூலியும் குறைந்தது என்பதால் சரிவின் ஒரு பகுதியை அந்தக் கூலிச் செலவு தாங்கிக்கொண்டது. இயந்திரம் அப்படித் தாங்காது, ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் செலவு வந்து நிற்கும்.

இந்த வேகத்துக்குப் பெயர்தான் ஆப்பரேட்டிங் லெவரேஜ். மொத்தப் பங்களிப்பை லாபத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். முன்பு 1,50,000-ஐ 50,000-ஆல் வகுக்க 3. இப்போது 2,50,000-ஐ 50,000-ஆல் வகுக்க 5. விற்பனை எண்ணிக்கை 1% நகர்ந்தால் லாபம் 5% நகரும் என்று பொருள். ஏறும்போதும் இதே வேகம்தான். 12,000 பெட்டி விற்றால் பழைய முறையில் 80,000 லாபம், இப்போது 1,00,000. இயந்திரம் வாங்கியது தவறான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு முறைகளும் சமமாகும் இடம் சரியாக 10,000 பெட்டி: கூடுதல் நிலையான செலவு 1,00,000-ஐப் பெட்டிக்கு மிச்சமாகும் 10-ஆல் வகுத்துப் பாருங்கள். அதற்கு மேலே நிலையாக விற்க முடிந்தால்தான் இயந்திரத்தால் ஆதாயம். வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு இது. பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் போடுகிறார்கள்.

இந்த 5 என்ற எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். அது 10,000 பெட்டி நிலவரத்துக்கு மட்டுமே உரியது. 9,000-இல் நிற்கும்போது பங்களிப்பு 2,25,000, லாபம் 25,000, லெவரேஜ் 9. இன்னொரு 10% குறைந்து 8,100-க்கு வந்தால் லாபம் வெறும் 2,500. முதல் சரிவில் பாதி போயிற்று, இரண்டாவதில் இருந்ததில் 90% போய்விடும். லாப நட்டமில்லாத 8,000-ஐ நெருங்க நெருங்க எண் எகிறும். 15,000 பக்கம் போனால் 2-ஐ ஒட்டி அடங்கிவிடும்.

இனி விலைக் குறைப்பு. மேலே சொன்ன வேகக் கணக்கு எண்ணிக்கை மாறும்போது மட்டுமே பொருந்தும். எண்ணிக்கை குறைந்தால் காகிதச் செலவாவது மிச்சம். விலை குறைந்தால் எதுவும் மிச்சமில்லை. 50-ஐ 45 ஆக்கினால் பெட்டியின் பங்களிப்பு 25-இலிருந்து 20-க்கு இறங்கும். அதன் பிறகு பழையபடி 10,000 விற்றாலும் 2,00,000 பங்களிப்பு, 2,00,000 செலவு, லாபம் பூஜ்யம். பழைய 50,000 லாபத்தைத் திரும்ப எட்ட 12,500 பெட்டி விற்க வேண்டும்; இப்போதைய 9,000-இலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 39% கூடுதல். 10% விலைக் குறைப்பு அவ்வளவு ஆர்டரைக் கொண்டுவருமா என்பதை உங்கள் வாடிக்கையாளர்களை வைத்து நீங்களே சொல்லிவிடலாம். போட்டியாளரும் இறக்கிவிட்டால் அதுவும் இல்லை.

இந்தக் கணக்கைப் போடும்போது பலர் சறுக்கும் இடம், செலவைப் பிரிப்பது. லாப நட்டக் கணக்கில் வரும் மொத்த லாபத்தைப் பங்களிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆலை வாடகையும் தேய்மானமும் உற்பத்திச் செலவுக்குள் உட்கார்ந்திருக்கும், ஆனால் அவை நிலையானவை. விற்பனைக் கமிஷன் கீழே நிர்வாகச் செலவோடு கிடக்கும், ஆனால் அது மாறும் செலவு. இயந்திரத்தை ஓட்டுபவரின் கூலி 'நேரடிக் கூலி' என்ற தலைப்பில் இருந்தாலும், மாதச் சம்பளமாகக் கொடுத்தால் அது நிலையான செலவுதான். தலைப்பை விட்டுவிட்டு, அடுத்த மாதம் 1,000 பெட்டி குறைந்தால் இந்தச் செலவு குறையுமா என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். மின்கட்டணம் மாதிரி இரண்டும் கலந்தவையும் உண்டு. பெட்டி அதிகம் போன மாதத்தையும் குறைவான மாதத்தையும் எடுத்து, கட்டண வித்தியாசத்தைப் பெட்டி வித்தியாசத்தால் வகுத்தால் மாறும் பகுதி தோராயமாகக் கிடைக்கும். இடையில் கட்டண விகிதம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

இன்னொரு கண்கட்டு, இருப்பு. 9,000 விற்ற மாதத்தில் 10,000 பெட்டி தயாரித்து, 2,00,000-ஐயும் தயாரித்த பெட்டிகளின் மேல் தலா 20 என்று ஏற்றினால், விற்காத 1,000 பெட்டியோடு 20,000 செலவு கிடங்கில் போய் உட்காரும். புத்தகம் 25,000-க்குப் பதில் 45,000 லாபம் காட்டும். சரிவு மறைந்தது போலத் தெரியும். தயாரிப்பைக் குறைத்து அந்த இருப்பை விற்கும் மாதத்தில் அது வெளியே வரும்.

கடன் வட்டியை மேலே எங்கும் சேர்க்கவில்லை. மாத வட்டி 15,000 என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 35,000-இலிருந்து 10,000-க்கு இறங்கியிருக்கும்.

எல்லோருக்கும் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக, இயந்திரம் சும்மா இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு தனி ஆர்டர் தேடலாம். முற்றிலும் வேறு வாடிக்கையாளருக்கு 1,000 பெட்டி, ஒன்று 40 என்று கொடுத்தால் பங்களிப்பு 15 வீதம் 15,000 கூடும்; நிலையான செலவு ஏறாது. மொத்தச் செலவைப் பங்கிட்டுப் பார்த்தால் பெட்டிக்கு 45 ஆகிறது, 40-க்குக் கொடுத்தால் நட்டம் என்று கணக்காளர் சொல்லக்கூடும். அந்த 45-இல் 20, ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் செலவாகியே தீரும். ஆனால் பழைய வாடிக்கையாளர் அந்த விலையைக் கேட்டு வந்தாலோ, 50-க்கு எடுக்கும் ஆர்டரைத் தள்ளிவிட்டு இதைச் செய்ய நேர்ந்தாலோ ஒவ்வொரு பெட்டியிலும் 10 இழப்பீர்கள்.