2,000 ரிங்கிட்டில் அறிவியல் கண்காட்சி: எதற்கு எவ்வளவு?

"பினாங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடத்தப்போகிறோம். குழுவுக்கு 4 பேராக 20 குழுக்கள், 6 நீதிபதிகள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் 2,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறது. செய்பொருள், பரிசு, நீதிபதிகளுக்குத் தேநீர், கண்காட்சி மேசை என்று எப்படிப் பிரிப்பது?"
– ஓர் ஆசிரியை

செய்பொருளுக்கு மொத்தத் தொகை எழுதாமல் குழுவுக்கு 35 ரிங்கிட் என்று வரம்பு வையுங்கள். 20 குழுவுக்கு 700. அதில் குழுவுக்கு 15 ரிங்கிட்டைப் பள்ளியே வைத்துக்கொண்டு பேட்டரி, வயர், பசை, அட்டை ஆகியவற்றை மொத்தமாக வாங்கட்டும். மீதி 20 ரிங்கிட்டுக்குக் குழு வாங்கிய பிறகு, ரசீதைப் பார்த்துப் பணம் கொடுங்கள். முன்பணம் கொடுத்தால் கணக்கு திரும்பி வருவது கஷ்டம்.

பேட்டரியில்தான் பணம் அதிகம் கரையும். சின்ன மோட்டாரை 9 வோல்ட் சதுர பேட்டரியில் ஓட்டினால் இரண்டு மணி நேரம் தாங்குவதே அரிது. நீதிபதி வரும்போது காற்றாடி நின்றிருக்கும், யாராவது கடைக்கு ஓடுவார்கள். மோட்டார் தாங்கும் வோல்ட் அளவைப் பார்த்து, இரண்டு அல்லது நான்கு ஏஏ அல்கலைன் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் பல மடங்கு நேரம் ஓடும். கூடவே ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள்.

மேசையும் நாற்காலியும் பள்ளியுடையவை. மும்மடிப்பு அட்டை 20-க்கு 12 ரிங்கிட் வீதம் 240, நீட்டிப்பு வயர் 8-க்கு 25 வீதம் 200, ஒட்டு நாடாவுக்கு 20, ஆக 460. மின்சாரம் தேவைப்படும் குழுக்களைச் சுவர் பிளக் பக்கம் வரிசையாக அமர்த்தினால் வயர் இன்னும் குறையும். தேநீர்க் கெண்டியை மட்டும் அந்த வயரில் செருகாதீர்கள். 13 ஆம்பியர் பிளக் சுமார் 3,000 வாட்தான் தாங்கும். கெண்டி மட்டுமே சுமார் 2,000 வாட் இழுக்கும்.

நீதிபதிகள் இருவர் இருவராகப் பிரிந்து, தலா ஏழு குழுவை எட்டு நிமிடம் வீதம் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். தேநீரே போதும், மதிய உணவு வேண்டாம். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தால் 160 நிமிடம் ஆகும். ஆனால் ஒரு ஜோடி தாராளமாகவும் இன்னொரு ஜோடி கறாராகவும் புள்ளி போடும். அதனால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு குழுவைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆறையும் அறுவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்யட்டும். உதவும் ஆசிரியர்களையும் சேர்த்து 12 பேருக்குத் தேநீர் 120, நினைவுப் பரிசு 120. ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் சைவப் பலகாரமாகச் சொன்னால் எல்லாரும் சாப்பிடலாம்.

பரிசுக்கு 380. ஒரே கோப்பை கொடுத்தால் நால்வரில் யார் வீட்டுக்குப் போவது என்று சண்டை வரும். 12 பதக்கத்துக்கு 120, முதல் மூன்று குழுக்களுக்குப் புத்தகப் பற்றுச்சீட்டாக 80, 60, 40, எல்லா 80 பேருக்கும் சான்றிதழுக்கு 80.

மொத்தம் 1,780. இந்த விலைகள் என் மதிப்பீடு. உங்கள் வட்டாரக் கடைகளில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மீதி 220-ஐப் பொறுப்பாசிரியர் ஒருவரே கையில் வைத்திருக்கட்டும். கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்துக் கோப்பில் வையுங்கள்.