ஊசியை முறிக்க ஊசி இல்லையா, டாக்டர்?

கேள்வி: என் அக்காவுக்கு (32 வயது, 60 கிலோ) போன மாதம் பெங்களூரில் அவசரமாகக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. முக்கால் மணி நேர ஆபரேஷன்தான். ஆனால் அவள் தானாக மூச்சு விட ஆறு மணி நேரம் ஆயிற்று, அதுவரை வென்டிலேட்டர். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஸ்கோலின் ஆப்னியா’ என்றும், சூடோகோலினெஸ்டெரேஸ் 210 என்றும் எழுதியிருக்கிறது. 5,000-க்கு மேல் இருக்க வேண்டுமாம். தசையைத் தளர்த்தும் மருந்தை முறிக்க ரிவர்சல் ஊசி உண்டு என்கிறார்களே, அதை ஏன் போடவில்லை? நடுவில் பேச்சுக் குரல் கேட்டது, கையைக்கூட அசைக்க முடியவில்லை என்கிறாள். எனக்கு அடுத்த மாதம் பித்தப்பைக் கல் ஆபரேஷன். எனக்கும் இப்படி ஆகுமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த ஊசியைப் போடாமல் விட்டதுதான் சரி. போட்டிருந்தால் ஆறு மணி நேரம் இன்னும் நீண்டிருக்கலாம். ஏன் என்று புரிய வேண்டுமானால், தசை தளர்த்தும் மருந்துகளில் இரண்டு ஜாதி உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கையை அசைக்க நினைத்ததும் நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசிகிறது. அது தசையின் மேலுள்ள இருக்கைகளில் உட்கார்ந்ததும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்த நொடியே பக்கத்தில் காத்திருக்கும் ஒரு நொதி அதை உடைத்து விடுகிறது. இருக்கை அடுத்த தடவைக்குக் காலியாகிறது.

ரோகுரோனியம், வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்றவை முதல் ஜாதி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கதை. துண்டு எந்த வேலையும் செய்யாது, ஆனால் வந்தவர் உட்கார முடியாது. தசைக்குக் கட்டளை போய்ச் சேராது. இதற்கு நியோஸ்டிக்மின் ஊசி உதவும். அது அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் கூட்டம் சேர்ந்து நெருக்கித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு உட்காருகிறது. அந்தக் கூட்டம் இதயத்தையும் மந்தமாக்கும், எச்சிலையும் பெருக்கும் என்பதால் கூடவே கிளைக்கோபைரோலேட் சேர்ப்போம். நீங்கள் கேள்விப்பட்ட ‘ரிவர்சல்’ பெரும்பாலும் இந்த ஜோடிதான்.

அக்காவுக்குப் போட்டது இரண்டாவது ஜாதி. ஸ்கோலின் என்று நாங்கள் சொல்லும் சக்ஸாமெத்தோனியம், இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை ஒட்ட வைத்தது போன்றது. அதனால் துண்டு போல் சும்மா கிடக்காது. அசல் ஆள் போலவே உட்காரும். தசையும் ஒரு தடவை துள்ளும். ஊசி போட்ட அரை நிமிடத்தில் இமையிலும் தோளிலும் சின்னச் சின்னத் துடிப்புகள் ஓடுவதைப் பார்க்கலாம். ஆனால் உட்கார்ந்தது எழுந்திருக்காது. தசை மறுபடி சுருங்க வேண்டுமென்றால் முதலில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இது விடாததால் தசை செயலற்றுக் கிடக்கிறது. இந்த இடத்தில் அசிட்டைல்கோலினைக் கூட்டி என்ன பயன்? அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஸ்கோலினை இருக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் நொதி உடைப்பதில்லை. கல்லீரல் செய்து இரத்தத்தில் விடும் வேறொரு நொதி உடைக்கிறது. அதுதான் சீட்டில் இருக்கும் சூடோகோலினெஸ்டெரேஸ். சாதாரணமாக 5 முதல் 10 நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அந்த நொதி வேலை செய்யாதவர்களுக்கு மருந்து மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். நியோஸ்டிக்மின் இந்த நொதியையும் தடுக்கும் என்பதுதான் சிக்கலே. மிச்சம் இருப்பதையும் கெடுத்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. தப்பு செய்து கற்றேன். பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, கை எலும்பு முறிந்த 24 வயதுப் பையன், 60 கிலோ. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். வாந்தி நுரையீரலுக்குள் போகாமல் இருக்க ஒரு நிமிடத்துக்குள் ட்யூப் போட வேண்டும். அதற்கு 90 மில்லிகிராம் ஸ்கோலின். இந்த வேகத்துக்காகத்தான் இந்த மருந்து இன்றும் உயிரோடிருக்கிறது. ஸ்கோலின் விட்டு அவன் மூச்சு திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த மருந்து போட வேண்டும். நான் பார்க்கவில்லை. அவசரத்தில் வெக்குரோனியம் 4 மில்லிகிராம் போட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. மூச்சு இல்லை. வெக்குரோனியம் மிச்சம் என்று நினைத்து நியோஸ்டிக்மின் 2.5 மில்லிகிராம் போட்டேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு 2.5. அசைவே இல்லை. சீனியர் வந்தார், என்னைத் திட்டவில்லை, நர்வ் ஸ்டிமுலேட்டர் கேட்டார். மணிக்கட்டில் நரம்பின் மேல் அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு மின் தட்டல்கள் கொடுத்துக் கட்டைவிரல் எத்தனை முறை துள்ளுகிறது என்று பார்க்கும் சிறு கருவி அது. ஒரு துள்ளல்கூட இல்லை. “ஒரு மணி நேரத்துக்கு முன் போட்ட நாலு மில்லிகிராம் வெக்குரோனியம் இவ்வளவு நேரம் சுத்தமா படுக்க வைக்காதுப்பா. இது ஸ்கோலின்” என்றார். துண்டு ஜாதியாக மட்டும் இருந்திருந்தால், நான்கில் ஒன்றிரண்டாவது வந்திருக்கும். முதல் துள்ளலை விட அடுத்தது மெலிந்திருக்கும். ஐந்தாவது மணி நேரத்தில்தான் முதல் துள்ளல் வந்தது. காலையில் அவன் இட்லி கேட்டான். இரத்தத்தில் அந்த நொதி ஏறக்குறைய இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அதற்குச் சிகிச்சை என்ன என்றால், வென்டிலேட்டர் மூச்சு விட, மயக்க மருந்து தூங்க வைக்க, காத்திருப்பது. பிளாஸ்மா ஏற்றினால் அதிலுள்ள நொதி உதவும்தான். ஆனால் தானாகத் தேறப்போகிறவருக்கு அடுத்தவர் இரத்தத்தின் அபாயம் எதற்கு என்று பெரும்பாலும் ஏற்றுவதில்லை.

அக்கா குரல் கேட்டதாகச் சொன்னதை நான் லேசாக எடுக்க மாட்டேன். தசை தளர்த்தும் மருந்து தூக்கம் தராது, வலியைக் குறைக்காது. ஆபரேஷன் முடிந்தது என்று மயக்க வாயுவை நிறுத்திய பிறகு, தசை மட்டும் கட்டிக் கிடந்தால் ஆள் விழித்தபடி அசையாமல் கிடப்பார். நாடி ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், கண்ணோரத்தில் நீர் வரும். இவைதான் வெளியே தெரியும் அடையாளங்கள். கண்டுபிடித்ததும் மறுபடி தூங்க வைப்பார்கள். அந்த இடைவெளி ஐந்து நிமிடமாக இருந்தாலும் உள்ளே கிடந்தவருக்கு அது பெரிய நேரம். கெட்ட கனவு, தூக்கம் போவது, படுத்தாலே பயம் என்று ஏதாவது இருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் அனஸ்தீசியா டாக்டரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். நடந்ததை அவர் நேரம் சொல்லி விளக்கினாலே பாதி பயம் போகும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போகலாம்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். இது பெரும்பாலும் மரபணுக் குறை. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் அக்காவுக்கு நடந்தது போல முழுதாக வெளிப்படும். ஒரே பெற்றோருக்குப் பிறந்த உங்களுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பாதி வாய்ப்பு, ஒரு மரபணு மட்டும் குறையோடு இருப்பதற்கு. அப்படியானால் ஸ்கோலின் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே காணப்படும் மரபணு மாற்றத்தை 2006-ல் விவரித்தார்கள். மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் கல்யாணம் நடந்த வீடுகளில் எந்தச் சாதியாக இருந்தாலும் கேட்டுவைப்பது நல்லது.

கர்ப்பம், கல்லீரல் நோய், பூச்சிமருந்து விஷம் ஆகியவற்றிலும் இந்த நொதி குறையும். ஆனால் ஆரோக்கியமான ஒருவருக்கு 210 வரை இறங்காது. டிபுகெயின் எண் என்று இன்னொரு பரிசோதனை சொல்வார்கள். நொதி இருந்து அதன் தரம் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. இவ்வளவு குறைவாக இருப்பவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீங்கள் செய்ய வேண்டியது சாதாரண சீரம் கோலினெஸ்டெரேஸ். பெங்களூரின் பெரிய லேப்கள் எல்லாவற்றிலும் பூச்சிமருந்து சாப்பிட்டவர்களுக்காகத் தினமும் செய்கிறார்கள். உங்கள் பெற்றோருக்கும், அக்கா குழந்தைகளுக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

பித்தப்பை ஆபரேஷனுக்கு ஸ்கோலின் தேவையே இல்லை. முன்கூட்டியே திட்டமிட்டது, வெறும் வயிறு, அவசரம் கிடையாது. ரிப்போர்ட் வரும் முன்பே கூட, அக்கா கதையைச் சொன்னாலே எந்த அனஸ்தீசியா டாக்டரும் அதை ஒதுக்கிவிடுவார். ரோகுரோனியம் அல்லது அட்ராகுரியம் போடுவார். இவை உடைவதும் வெளியேறுவதும் வேறு வழியில். அக்காவின் நொதி இல்லாததால் இவை தங்காது. மிவாகுரியம் மட்டும் விலக்கு, அதற்கும் அதே நொதிதான் வேண்டும்.

முடிவில் ரிவர்சலும் உங்களுக்கு வேலை செய்யும். நியோஸ்டிக்மின் பிடிப்பது தசைப் பக்கத்து நொதியை. அது வேறு மரபணு, உங்கள் வீட்டுக் குறைக்கு அதோடு சம்பந்தமில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கூட்டம் எவ்வளவுதான் சேர்ந்தாலும், எல்லா இருக்கையிலும் துண்டு கிடந்தால் நெருக்க முடியாது. நான்கு துள்ளலும் திரும்பிய பிறகு போட்டால்தான் நம்பலாம். ரோகுரோனியம் போட்டிருந்தால் சுகமாடெக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது, விலை அதிகம். அது கூட்டம் சேர்ப்பதில்லை. வளையம் போன்ற ஒரு சர்க்கரை மூலக்கூறு, துண்டையே சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு சிறுநீரில் போய்விடும். இரண்டு துள்ளல் திரும்பிய நிலையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் போதும். 60 கிலோ ஆளுக்கு 120, ஒரு 200 மில்லிகிராம் குப்பியே தாராளம். அட்ராகுரியத்தையோ ஸ்கோலினையோ அது தொடாது, வளையத்துக்குள் அவை பொருந்தாது. எதுவானாலும் ட்யூப் எடுக்கும் முன் நான்காவது துள்ளல் முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்கிறதா என்று கருவியில் அளப்பார்களா என்று கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய் வெகு காலமாயிற்று.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் சுகமாடெக்ஸ் போட்ட பின் ஏழு நாளுக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும்; மாத்திரையின் ஹார்மோனையும் அது கொஞ்சம் சுருட்டிக்கொள்ளும்.

அக்கா பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும். “சூடோகோலினெஸ்டெரேஸ் குறைபாடு. ஸ்கோலின், மிவாகுரியம் கூடாது. முதுகில் போடும் குளோரோபுரோகெயின் ஊசி வேண்டாம்” என்று மூன்று வரி, கீழே அந்த 210, தேதி, உங்கள் போன் நம்பர். டாக்டரிடம் ஆங்கிலத்திலும் எழுதி வாங்குங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்சில் ஏற்றும்போது படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமென்றில்லையே.