காய்ச்சல் விட்ட பிறகு சர்டிபிகேட் கேட்டால்

"கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. 3 முதல் 6ஆம் தேதி வரை காய்ச்சல், டாக்டரிடம் போகவில்லை, பாராசிட்டமால் போட்டுப் படுத்திருந்தேன். இன்று 7, வேலைக்கு வந்தால் சர்டிபிகேட் கேட்கிறார்கள். 3ஆம் தேதி போட்டுத் தரச் சொல்லலாமா சார்?"

3ஆம் தேதி பார்த்ததாக எழுதுங்கள் என்று கேட்காதீர்கள். "3ஆம் தேதியிலிருந்து காய்ச்சல், இன்றைக்குப் பாருங்கள்" என்று கேளுங்கள். அப்போது டாக்டர், இன்று 7ஆம் தேதி பரிசோதித்தேன், 3ஆம் தேதி முதல் காய்ச்சல் என்று நோயாளி சொல்கிறார், அசதி இருக்கிறது, 8 வரை ஓய்வு வேண்டும் என்று எழுதலாம். கையெழுத்துக்குக் கீழே இருக்கிற தேதி மட்டும் இன்றைய தேதியாகத்தான் இருக்கும். மருந்துக் கடை பில் இருந்தால் கொண்டுபோங்கள், அவருக்கும் எழுதத் தைரியம் வரும். அதைக் கம்பெனி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

முன்தேதி போட ஏன் மறுக்கிறோம் என்றால், கொடுக்கிற ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் நாங்கள் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், உங்கள் கையெழுத்தும் ஒரு அங்க அடையாளமும் வாங்க வேண்டும், 2002 மருத்துவ கவுன்சில் விதி அது. என் ரிஜிஸ்டரில் 3ஆம் தேதி 41, 42, 43 என்று முடிந்து, 4ஆம் தேதி 44 தொடங்கிவிட்டது. உங்களை எங்கே செருகுவது?

இதையே சாக்காக வைத்துப் பஸ் ஸ்டாண்டு பக்கம் "எந்தத் தேதி வேண்டும்?" என்று கேட்டு லெட்டர்ஹெட் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். கம்பெனி அந்த டாக்டருக்கு ஒரு போன் போட்டால் போதும், மாட்டுவது நீங்கள்தான். பொய் என்று தெரிந்தே சர்டிபிகேட்டைக் காட்டுகிறவருக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு.

ஒரே ஒரு சூழ்நிலை வேறு, அதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் 4ஆம் தேதியே டாக்டரைப் பார்த்து, அன்று சர்டிபிகேட் கேட்க மறந்திருந்தால், ஒ.பி. சீட்டோடு இன்று போனால் போதும். "4ஆம் தேதி நான் பரிசோதித்தேன்" என்று அதைப் பார்த்தே எழுதி, இன்றைய தேதியில் கையெழுத்துப் போடலாம். அது முன்தேதி ஆகாது, பழைய பதிவுக்கு இன்று கொடுத்த சான்று. அட்மிட் ஆகியிருந்தாலும் இதேதான், டிஸ்சார்ஜ் தாளிலேயே தேதிகள் இருக்கும். அதனால் சாதாரணக் காய்ச்சல் என்றாலும் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டென்றால் அந்த டிஸ்பென்சரிக்குத்தான் போக வேண்டும். வெளி டாக்டர் கடிதத்தை நம்பி நோய்க்காலப் பணம் கேட்டால் பொதுவாக இழுத்தடிப்பார்கள்.

ஓய்வு சர்டிபிகேட்டும் ஃபிட்னஸும் வேறு வேறு. 8 வரை ஓய்வு என்றால் ஃபிட்னஸில் "9 முதல் வேலைக்குத் தகுதி" என்று இருக்க வேண்டும். இரண்டிலும் 8 என்று போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு என் வாசலில் வந்து நிற்கிறவர்கள் மாதத்துக்கு நாலு பேர். நாலு நாள் காய்ச்சலுக்கு எதற்கு இரண்டு தாள் என்று கேட்டால் கம்பெனியில் யாருக்கும் பதில் தெரியாது, ஆனாலும் வாங்கும்போதே இரண்டு தேதியையும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள்.